‘எறக்கு’ என்ற சொல்லுக்காக நடந்த சோபாப் போர்

வாழ்க இரும்பார் தோள்! பதினாறு ஆண்டுகளாய் வீடு மாற்றுவோரின் பீரோக்களையும் கட்டில்களையும் துணி துவைக்கும் இயந்திரங்களையும் மாடி மாடியாய்ச் சுமந்து காய்த்துப்போன அத்தடந்தோள் வாழ்க! நிலைக்கதவில் இடித்துக்கொண்ட நெற்றியும், படிக்கட்டில் வழுக்கிய பாதமும், மூன்று நாளாய்ச் சுளுக்கிக்கொண்டும் ஒரு முனகலை வெளியே விடாத இடுப்பும் வாழ்க! சுமைதூக்குவோர் குலத்தார் ஒருமனதாய் ‘இரும்பு’ என்று பட்டம் சூட்டிய அம்மாவீரர், ஒரு மூவர் அமரும் சோபாவோடு நாற்பது நிமிடம் நின்ற திருக்கதையைச் சொல்லப் புகுகிறோம். கேட்பவர்கள் வசதியாக உட்கார்ந்துகொள்ளலாம்; அவருக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை.

களமோ குறுகிய படிக்கட்டு. மின்தூக்கி பழுதாகிக் கிடந்த நாள் அது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இடையே படிகள் திரும்பும் அந்த முடக்கிலே, மேற்புறத்தைக் ‘கடப்பாரை’ எனும் இளைய வீரரும், பாரம் மிகுந்த கீழ்ப்புறத்தை இரும்பாரும் ஏந்தி வர, யானை நிறத்ததும் யானைப் பிடிவாதத்ததுமான அந்தச் சோபா ஒரு முனையைக் கைப்பிடிக் கம்பியிலும் மறுமுனையைச் சுவரிலும் செருகிக்கொண்டு, இனி மேலும் போகேன், கீழும் போகேன் என்று வஞ்சினம் கூறி நின்றது. இத்தொழிலில் ஒரு மாதம் இருந்தவனுக்கும் இதற்கு மருந்து தெரியும். கீழே வைக்க வேண்டும், நான்கு கால்களையும் திருகிக் கழற்ற வேண்டும், செங்குத்தாய் நிமிர்த்தித் திருப்ப வேண்டும். ஐந்து நிமிட வேலை.

ஆனால் கீழே வைக்க வேண்டுமானால் இருவரில் ஒருவர் ‘எறக்கு’ என்று சொல்லியாக வேண்டும். அங்கேதான் வந்தது வினை. சுமையோடு நிற்கையில் அச்சொல்லை முதலில் சொல்பவரை அந்த வாரம் முழுக்க ‘அக்கா’ என்று அழைப்பது அவர்கள் குழுவின் எழுதாச் சட்டம். சட்டம் அதோடு நிற்கவில்லை. முதலாளி வாங்கித் தந்த கையுறைக்கு ‘மருதாணி’ என்று பெயர். முதுகைக் காக்கும் பட்டைக்கு ‘ஒட்டியாணம்’ என்று பெயர். ஆகவே இரண்டும் லாரியின் இருக்கைக்கு அடியில் பிரிக்காத உறையோடு பாதுகாப்பாக இருந்தன. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குளிர்பதனப் பெட்டியின் கீழ் நின்று, “எறக்குங்கப்பா, செத்துருவேன்” என்று மெய் பேசிய ஒருவர் ஒரு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய தண்டனையை இன்னமும் அனுபவிக்கிறார். சுமை தூக்குவதை விட்டு லாரி ஓட்டப் போனவர், இன்றுவரை ‘லாரியக்கா’தான்.

‘அக்கா’, ‘பொம்பள’ எனும் இவ்வசைப் படைக்கலத்தின் இயல்பை இங்கே சிறிது விளம்ப வேண்டும். இப்படிச் செய் என்று அது ஒருபோதும் கற்பிப்பதில்லை. இப்படி இருந்துவிடாதே என்று மட்டும் மிரட்டும். எய்தவனும் அதற்குத் தப்பியவன் அல்லன். அடுத்தவன்மேல் எய்துகொண்டிருக்கும் வரைக்கும்தான் அவன் மார்பு பத்திரம். அதனாலேயே யாரும் அதைக் கீழே போடுவதில்லை. இரும்பார் அதை முதன்முதலில் வாங்கிக்கொண்டது ஆறாம் வயதில். மதிற்சுவரிலிருந்து அவரும் அவருடைய அக்காவும் சேர்ந்தே விழுந்தார்கள். இருவருக்கும் முழங்காலில் தோல் பெயர்ந்தது. இவர் அழுதார். “பொம்பளப்புள்ள மாதிரி என்னடா அழுகை?” என்று அப்பா அதட்டினார். அருகில் நின்ற பொம்பளப்புள்ளை சொட்டுக் கண்ணீர் விடாமல் முழங்காலில் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அவளைத் தவிர.

அத்தகைய வீரருக்கு எட்டு வயதில் ஒரு மகன். பள்ளிக்கூடம் விடுமுறை, அம்மாவுக்கோ வேலை நாள்; ஆகவே அப்பாவோடு களம் புகுந்திருந்தான். காலையில் லாரிக் கதவில் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டு வீறிடப் போனவனை, “டேய், ஆம்பளதானே நீ?” என்று அப்பாவும், “வளையல் வாங்கித் தரட்டா?” என்று கடப்பாரையும் பாசத்தோடுதான் கேட்டார்கள். பையன் அழுகையை மாத்திரை விழுங்குவது போல விழுங்கினான். விழுங்கியது வீண்போகவில்லை. சற்று நேரத்தில் லாரியக்கா நிழலில் அமர்ந்து தண்ணீர் குடிப்பதைக் கண்டு, “என்ன மாமா, பொம்பள மாதிரி தண்ணி குடிக்கிறீங்க?” என்று அவன் எடுத்துவிட்டான். தண்ணீர் குடிப்பதில் ஆண்பால் பெண்பால் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. தெருவே அதிரச் சிரித்தார்கள். லாரியக்கா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார், வேறு வழி? கடப்பாரை மகிழ்ந்துபோய் ஒரு பெரிய பாட்டில் பழரசம் வாங்கிப் பரிசளித்தார். பையன் அதை முழுவதும் குடித்தான்.

இனிப் போர். முதல் பத்து நிமிடம் வீர உரைகளில் கழிந்தது.

“உங்களுக்குக் கை வலிச்சா சொல்லுங்கண்ணே. எனக்கு ஒண்ணும் இல்ல” என்று மேலிருந்து முழங்கினார் கடப்பாரை.

“எனக்கென்னடா வலி? சாயங்காலம் வரைக்கும் நிப்பேன். நீ முடியலைன்னா வாய் தொறந்து சொல்லு” என்று கீழிருந்து அறைகூவினார் இரும்பார்.

இரண்டாம் பத்தில் உரைகள் சுருங்கின. மூன்றாம் பத்தில் மூச்சு மட்டும் கேட்டது. வெள்ளப்பெருக்கில் கரையுடைத்த ஏரியென வியர்வை இரும்பாரின் புருவ வரம்பைக் கடந்து கண்ணிற் புக, துடைக்க ஒரு கையும் இன்றி, மூக்கின் நுனியிலே முற்றுகையிட்டிருந்த ஈயை ஊதி ஊதி விரட்டியும் அது புறமுதுகு காட்டாது நிற்க, விரல்கள் பத்தும் தம்முடையவையா சோபாவினுடையவையா என்ற ஐயம் எழ, அவர் நின்றார். மேலே கடப்பாரையின் முழங்கால்கள் ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டிருந்தன. சொல்லித் தொலையேன்டா என்று ஒவ்வொருவரும் மற்றவரை மனத்துக்குள் கெஞ்சினார்கள்.

இதற்கிடையே சோபாவின் உரிமையாளரான வீட்டம்மா, பாத்திரப் பெட்டி, புத்தகக் கட்டு, தையல் இயந்திரம் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முடக்கிலும் சுமையைக் கீழே வைத்தார். “அம்மாடி, என்னா கனம்!” என்று உரக்கச் சொன்னார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாலு மூச்சு வாங்கினார். பிறகு குனிந்து சோபாவுக்கு அடியில் புகுந்து மேலே போனார். இப்படி மூன்று நடை முடித்துவிட்டார். எந்தக் குணத்தை வசையாக்கி இவர்கள் வாரம் முழுக்க ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்களோ, அந்தக் குணத்தால் ஒரு தையல் இயந்திரம் மூன்றாம் மாடியை அடைந்தது. சோபா அடையவில்லை.

“கீழ வச்சுட்டு யோசிங்களேன்ப்பா” என்றார் நான்காம் நடையில்.

“பரவால்லம்மா, வெயிட்டே இல்ல” என்று இரு வீரரும் ஒரே குரலில் செப்பினார்கள்.

அப்போதுதான் வீட்டம்மாவின் கண் பையன்மேல் விழுந்தது. அப்பாவுக்குப் பின்னால் ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்தபடி, கால்மேல் கால் பின்னி, கொக்குப் போல நின்றிருந்தான்.

“கண்ணு, பாத்ரூம் போகணுமா? மேல வா, காட்டறேன்.”

“இல்ல ஆன்ட்டி. எனக்கு ஒண்ணும் இல்ல.”

இரும்பார் மெல்லத் தலையைத் திருப்பினார். உதட்டை உள்ளே மடித்து, மோவாயை நெஞ்சில் பதித்து, சுவரையே வெறித்துக்கொண்டிருந்த அந்த முகத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். நாற்பது நிமிடமாக அவர் வைத்துக்கொண்டிருந்த முகம் அது. வார்த்தைகூட அதேதான்.  சோபா கனத்ததைவிட அது கனத்தது.

ஆண்டவனே, இப்போது எழுந்தது பார் அகப்போர்! ‘பையனுக்கு அவசரம், எறக்கு’ என்று சொல்லிவிடலாம். வேலை முடிந்துவிடும், இரும்புப் பட்டமும் துருப்பிடிக்காது. ஆனால் அந்த ‘அக்கா’ எனும் சொல் சும்மா மறைந்து போகிற சாதி இல்லை என்பது பதினாறு வருடம் அதோடு புழங்கியவருக்குத் தெரியாதா? படிக்கட்டில் உருட்டிவிட்ட பந்து போல அது கீழே கீழே ஓடி, இருப்பதிலேயே சின்ன ஆளிடம் போய்த்தான் நிற்கும். மாலையில் லாரி ஏறும்போது கடப்பாரை, “வாங்க சின்னக்கா” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். பையனும் சிரிப்பான், லாரியக்கா சிரித்தது போல. பிறகு எத்தனை வருடம் சிரிப்பானோ, யார் கண்டது!

மலைகள் நடுங்கவில்லை, கடல்கள் பொங்கவில்லை, ஈ மட்டும் பறந்து போனது. பதினாறு ஆண்டுப் புகழையும், குலத்தார் சூட்டிய பட்டத்தையும், மகன் பார்க்க நின்ற மானத்தையும் ஒரு மூச்சில் திரட்டி, பீமப் பெருந்தோளர் இரும்பார் வாய் திறந்து, எட்டுத் திசையும் கேட்க, உயிர் போகும் உரத்த குரலில் பறைசாற்றினார்:

“எறக்குடா! என்னால முடியல! கை வலிக்குது, இடுப்பு வலிக்குது, மூணு நாளா வலிக்குது!”

முதற்சொல் முடியும் முன்பே மேற்புறம் தரையில் இருந்தது. கடப்பாரை சுவரோரமாய்ச் சரிந்து உட்கார்ந்தார். வெற்றி அவருடையது. வெற்றி முழக்கம் செய்ய வாயைத் திறந்தார். கைவிரல்களை விரித்துப் பார்த்தார், அவை விரியவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

இரும்பார் மகன் பக்கம் குனிந்தார். அவன் கண்ணை அகல விரித்து, அப்பாவின் நெற்றியில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று தேடினான். எதுவும் மாறவில்லை. வியர்வைதான் இருந்தது.

“எனக்கு ஒண்ணுக்கு முட்டுதுடா” என்றார். “நீ வர்றியா?”

பையன் தலையாட்டினான். “ரொம்ப நேரமா வருதுப்பா.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்களும் சொல்லலயே.”

 இரும்பார் மகனைத் தூக்கிச் சோபாவின் மறுபுறம் இறக்கிவிட்டுத் தாமும் காலைத் தூக்கிப் போட்டபோது, மேற்படியிலிருந்து ஒரு தயங்கிய குரல் வந்தது.

“அண்ணே... நானும் வரட்டுமா?”

மூன்று பேரும் வரிசையில் நின்று ஒண்ணுக்குப் போய்விட்டு வந்தார்கள்.