கிழங்கு மூட்டைத் தாலாட்டு

தொட்டிலில் பிள்ளை எப்போதோ தூங்கிவிட்டது. லெட்சுமிதான் நிறுத்தவில்லை.

"ஆராரோ என் மணியே
அரிசிய ஒளிச்சா ஒங்கப்பாயி
கேட்டும் கேக்காமக் கெடக்காரு
கெழங்கு மூட்டை ஒங்கப்பன்."

தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் காம்பராக்களுக்கு நடுவே ஒற்றைச் சுவர்தான். அந்தப் பக்கம் பேச்சியம்மா களுக்கென்று சிரித்தது லெட்சுமியின் புருஷன் இராமையாவுக்குக் கேட்டது.

"பிள்ளைதான் தூங்கிருச்சே, நிப்பாட்டு."

"பிள்ளைக்கா பாடுறேன்?"

இனி வீட்டில் பாடக்கூடாது என்றான். சரி என்றவள், மறுநாள் கொழுந்து பறிக்கும் மலையில் பாடினாள். அவள் அடியெடுக்க, நிரையில் நின்ற நாற்பது பேரும் திருப்பிப் பாடினார்கள். சாயங்காலம் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் இராமையாவின் பெயர் கெழங்கு என்று ஆகியிருந்தது.

தோட்டத்துப் பாட்டுகளை நோட்டில் எழுதிச் சேர்க்கும் இக்னேசியஸ் வாத்தியாரிடம் போய் முறையிட்டான்.

"அந்த அடிய பூண்டுலோயா தோட்டத்துலயும் கேட்டு எழுதியிருக்கேன், இராமையா. அங்க மூட்டை வேறொருத்தர். அடி பழசு, ஆளுதான் மாறும். மாமியாகிட்ட நேர்ல சொல்ல முடியாதத பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றது. தாலாட்டுல வந்தத வச்சி யாரும் சண்டைக்கு வரக்கூடாது, அதான் வழக்கம். அத வச்சி ஒங்க குடும்பத்த எடை போடக்கூடாது."

"லயமே எடை போட்டிருச்சுங்க சார்."

வீட்டுக்கு வந்து லெட்சுமியிடம் கெஞ்சினான். அவளும் மனமிரங்கினாள்.

"தங்கமான ஒங்கப்பன்
தாயாட்டம் ஒங்கப்பாயி."

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

மறுநாள் பேச்சியம்மா நல்லெண்ணெய்ப் போத்தலோடு வந்து, "எங்கடி அடிச்சான், காட்டு" என்றாள். அதற்கடுத்த நாள் சங்கத் தலைவர் ஆண்டியப்பன் இரண்டு பேரோடு வந்தார்.

"பொம்பள இப்படிப் பாடுறான்னா, நீ அவ வாயக் கட்டிட்டேன்னுதானே அர்த்தம்?"

இராமையாவின் அம்மாவும் மகனையே முறைத்தாள். "அவள என்னடா பண்ணுன? என்னைய வையாம எப்படிடா இருக்கா?"

அன்று மாலை அவனே தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தயவு பண்ணித் திட்டு, லெட்சுமி."

அவள் புதிதாக நாலு அடி சேர்த்துத் திட்டினாள். சுவர் சிரித்தது. அம்மா நிம்மதியாக வெற்றிலை மடித்தாள்.

நடந்ததைக் கேட்ட வாத்தியார் பரபரவென்று நோட்டைத் திறந்தார்.

"இது எனக்குத் தோணவே இல்லையே. பயமில்லாதவதான் திட்டிப் பாடுவா. வாய் நெறையப் புகழ்ந்து பாடினா, அந்த வீட்டுலதான் என்னமோ இருக்கு." எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார்.

வாத்தியாரின் மனைவி சிசிலி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"அம்மா, நீங்களும் சாரைத் திட்டித்தான் பாடுவீங்களா?" என்றான் இராமையா.

சிசிலி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சேச்சே, தங்கமானவருன்னுதாங்க பாடுவேன்."