நூறு விழுக்காடு புரிந்த ஊர்

மனிதகுலம் மொழியைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஒருவர் சொல்வதை மற்றவர் முழுமையாகப் புரிந்துகொண்ட இடம் இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் குவைராபம்பா துணைச் சுகாதார நிலையம். சந்தேகப்படுபவர்கள் ரியோபம்பா நகரத்திலிருந்து பேருந்து ஏறி வந்து பார்க்கலாம். மாவட்ட அலுவலகம் அனுப்பிய சான்றிதழ், கண்ணாடிச் சட்டத்துக்குள், டாக்டரின் தலைக்கு மேலே தொங்குகிறது: "மருத்துவ விளக்கம் புரிந்த நோயாளிகள்: நூறு விழுக்காடு."

இந்தச் சாதனை டாக்டர் எமிலியோ அரீசாகாவுடையது. கடற்கரை ஊரான குவயாகிலில் படித்து முடித்து, புது டாக்டர்களுக்குக் கட்டாயமான கிராமச் சேவை ஆண்டைக் கழிக்க எங்கள் மலைக்கு வந்தவர். குளிருக்கு இரண்டு சட்டைகள் போடுவார். நல்லவர். ஒவ்வொரு நோயாளிக்கும் நுரையீரல், கல்லீரல் எல்லாம் படம் வரைந்து ஸ்பானிஷில் விளக்குவார். முடித்ததும் "புரிஞ்சுதா?" என்பார். "புரிஞ்சுதுங்க டாக்டரய்யா" என்பார்கள். அவர் முகம் மலரும். அதோடு அறிவியல் முடிந்தது.

நான் அங்கே உதவிச் செவிலி. பெயர் எல்வியா. இந்த மலை மக்கள் பேசும் கிச்சுவா மொழி, அம்மா வழியில் எனக்கு வரும். முதல் வாரம், மொழிபெயர்க்க உள்ளே வரட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு எல்வியா? ஒருத்தராவது புரியலன்னு சொல்லியிருக்காங்களா?"

சொல்லவில்லைதான். தலையாட்டினேன்.

தலையாட்டுவது பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். என் கழுத்தும் அதைச் செய்கிற கழுத்துதான். "புரிஞ்சுதா?" என்பது ஒரே கதவு உள்ள வீடு. இல்லை என்றால், படித்த மனிதரிடம் நீ சரியாகச் சொல்லவில்லை என்று சொன்னதாகிவிடும். அவர் முகம் வாடும். பிறகு முதலிலிருந்து, இன்னும் சத்தமாக, ஆரம்பிப்பார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். மதியப் பேருந்து போய்விடும். ஆமாம் என்றாலோ எல்லாருக்கும் விடுதலை. இதிலே பொய்யே இல்லாத ஒரு வகையும் உண்டு. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தக் குரலின் வெளிச்சத்தில் எல்லாம் தெளிவாகத்தான் இருக்கும். வாசலைத் தாண்டும்போதுதான் அது அணையும். அணைந்ததுகூடப் பலருக்குத் தெரியாது. புரியாத இடத்தை ஏற்கெனவே தெரிந்த ஒன்றால் மனசே ஒட்டுப்போட்டு மூடிவிடும்.

இந்த வகையின் பெருமைக்குரிய எடுத்துக்காட்டு டிரான்சிதோ பிலதாக்சி. மேட்டு வயலில் உருளைக்கிழங்கு போடுகிறவள். அவளுடைய ஆறு வயது மகள் லிஸ்பெத்துக்கு மூச்சிரைப்பு. குளிர்காற்று அடித்தால் மார்புக்குள் விசில் சத்தம் கேட்கும்.

டாக்டர் மூச்சுக்குழாய்களை வரைந்தார். சுருங்குவதை அம்புக்குறி போட்டுக் காட்டினார். நீலநிற இழுப்பு மருந்துக் குப்பியை எடுத்துக் குலுக்கினார். சுத்தம் முக்கியம் அல்லவா? தன் வாயில் வைக்காமல், காற்றில் உயர்த்தி இரண்டு தடவை அழுத்திக் காட்டினார். பிஸ்ஸ், பிஸ்ஸ்.

"இரைக்கும்போது இப்படி ரெண்டு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க டாக்டரய்யா."

பத்து நாளில் திரும்பி வந்தாள். விசில் பெரிதாகியிருந்தது. நான் வெளியே தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் "மருந்து அடிச்சீங்களா?" என்று கேட்டாராம். அடித்தேன் என்றாளாம். அதற்குமேல் ஸ்பானிஷ் போதாமல், கையை ஆட்டி ஆட்டிக் கிச்சுவாவில் நெடுநேரம் ஏதோ விளக்கினாளாம். டாக்டருக்குக் கிச்சுவாவில் ஒரு சொல் தெரியும். "ஆரி." ஆமாம் என்று பொருள். அதை மனமுவந்து பலமுறை பயன்படுத்தினார். மாலையில் என்னிடம், "இந்த மக்களோட பழகுறது ஒண்ணும் கஷ்டமில்ல எல்வியா. பொறுமையாக் கேட்டாப் போதும்" என்றார். அளவை நான்கு அழுத்தாக உயர்த்தியிருந்தார்.

மூன்றாம் முறை டிரான்சிதோ மகளை முதுகில் கட்டித் தூக்கிக்கொண்டே வந்தாள். குழந்தையின் விலா எலும்புகளுக்கிடையே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்தது. லிஸ்பெத் வாக்கியத்தை முடிக்க முடியாமல், "தண்ணி..." என்று மட்டும் சொன்னாள். டாக்டரின் முகம் வெளுத்தது.

"மருந்து கேக்கல. ரியோபம்பா ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். போனை வைத்துவிட்டு உள்ளே போனேன். இந்த முறை அனுமதி கேட்கவில்லை. கிச்சுவாவில் பேசினேன்.

"டிரான்சிதோ, இந்தக் குப்பியைப் பத்தி எத்தனை தடவை சொல்லிக் குடுத்தாலும் ஜனங்களுக்கு நான் சரியாச் சொல்றனான்னு எனக்கே சந்தேகம். வீட்டுல நீ செய்யறதை அப்படியே செஞ்சு காட்டேன்."

"அதுக்கென்னக்கா," என்றாள். பரீட்சை எனக்குத்தான், அவளுக்கல்ல என்று தெரிந்ததும் அவள் தோள் இறங்கியது.

குப்பியை நன்றாகக் குலுக்கினாள். அதைக் குறை சொல்லவே முடியாது. குழந்தையின் தொப்பியைக் கழற்றினாள். உச்சந்தலையில் ஒன்று, பிஸ்ஸ். பிடரியில் ஒன்று. நெஞ்சில் ஒன்று. முதுகில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும், "ஷமுய், ஷமுய், லிஸ்பெத்" என்றாள். வா, வா.

பயந்த குழந்தைக்கு எங்கள் ஊரில் இப்படித்தான் செய்வோம். வாய் நிறையக் கரும்புச் சாராயத்தை வைத்து, உச்சியிலும் பிடரியிலும் நெஞ்சிலும் ஊதித் தெளித்து, பயந்து ஓடிய உயிரைத் திரும்பக் கூப்பிடுவோம். காற்றில் தெளிக்கிற மருந்து என்றால் வேறு எங்கே தெளிப்பது? சாராய வாடை இல்லாமல் சர்க்கார் ஒன்று கண்டுபிடித்திருக்கிறது என்று அவள் மகிழ்ந்திருக்கிறாள்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். அவருக்கு அந்த அளவுக்கு அறிவு உண்டு. குப்பைக்கூடை அருகே இருந்த காலித் தண்ணீர் பாட்டிலை அலசினேன். சூடாக்கிய கத்தியால் டாக்டர் அதன் அடியில் ஓட்டை போட்டார். மருந்துக் குப்பியின் வாயை அதில் செருகினார். உள்ளே நிற்கும் மருந்தை மூச்சோடு இழுக்க, பாட்டிலின் வாயை லிஸ்பெத் உதடுகளால் இறுகக் கவ்விக்கொண்டாள். ஒரு அழுத்து. ஆறு மூச்சு. பொறுத்து இன்னொரு அழுத்து. மறுபடி ஆறு மூச்சு. நான்கு முடிந்து கால்மணி நேரத்தில் விலாக் குழிகள் ஆழம் குறைந்தன. லிஸ்பெத் ஒரு முழு வாக்கியம் சொன்னாள்: "எனக்குப் பசிக்குது, அந்த நர்ஸ் அக்கா பையில ரொட்டி இருக்கு."

டிரான்சிதோவும் ஒருமுறை பாட்டிலை வாங்கி, தானே செய்து காட்டினாள். யாரும் புரிந்ததா என்று கேட்கவில்லை.

ஆனால் டாக்டருக்கு மனம் ஆறவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"ஏம்மா, புரியலன்னா புரியலன்னு சொல்லியிருக்கலாமே?"

டிரான்சிதோ வியப்போடு பார்த்தாள். "புரிஞ்சுதேங்க. நீங்க காத்துல அடிச்சுக் காட்டினீங்க. நான் அடிச்சேன்."

"சரி, தலையில அடிக்கறதையாவது எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே! போன தடவை வந்தப்போ, உச்சி, பிடரி, நெஞ்சுன்னு தொட்டுத் தொட்டுக் காட்டினேனே. இது சரியான்னு கேட்டேன். ஆரி, ஆரின்னு தலையாட்டினீங்க." அவள் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, அவரு படிச்சவரு. புரியலன்னா கேட்டிருக்க மாட்டாரா?"

கடைசி வாக்கியத்தையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

டாக்டர் எங்கள் சான்றிதழை நிமிர்ந்து பார்த்தார். அதில் ஒரு தவறும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அது நோயாளிகளைப் பற்றியது; டாக்டரைப் பற்றியது அல்ல. அந்த அறையில் தலையாட்டியவர்கள் இரண்டு பேர். அதற்குச் சம்பளம் வாங்கியவர் ஒருவர்தான்.