டார்ச்சுக்கு நன்றி

"நீ கோபக்காரி, ஆனா மனசு தங்கம்" என்று எழுதியிருந்த தாளை லிஃப்ட் மெக்கானிக் நீட்டினார். கூட வேலை பார்க்கும் பெரியவர் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இதை வீட்டுல குடுத்தே, கல்யாண நாளும் அதுதான், கடைசி நாளும் அதுதான்."

"தங்கம்னுதானே எழுதியிருக்கேன்!"

"கடிதத்துல 'ஆனா' வரவே கூடாது. தங்கம், வைரமெல்லாம் யார் வேணாலும் யாருக்கு வேணாலும் எழுதலாம். அவங்க என்ன செஞ்சாங்க, எப்போ செஞ்சாங்க, அதனால உனக்கு என்ன ஆச்சு. அதை எழுது."

போன கல்யாண நாளுக்கு மெக்கானிக் மிக்ஸி வாங்கிக் கொடுத்தார். மனைவி பெட்டியைப் பிரிக்கவே இல்லை. "இருபதாவது வருஷத்துக்கு ஒரு லெட்டர் எழுதுங்க. என்னை ஒருநாளாவது பார்த்திருக்கீங்களான்னு தெரிஞ்சுக்கணும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், கண் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு வருஷமாக அது அவருக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

மோட்டார் அறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மனைவி தனக்குச் செய்யும் மூன்று விஷயம் எழுதினார். ஒன்று, தினமும் பையில் இருக்கும் டார்ச்சில் முழு சார்ஜ். போன மாதம் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழியில் திடீரென்று இருட்டாகிவிட்டது. அந்த டார்ச்தான் மேலே ஏறி வர வழி காட்டியது. இரண்டு, சட்டையில் தளர்ந்த பித்தான் மறுநாளே இறுகியிருக்கும். மூன்று, மழை வரும் நாளில் பையில் குடை.

படித்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சரிபார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாத ஆள் அவர். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் மகளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என் டார்ச்சை யாரும்மா சார்ஜ் போடறது?"

"நான்தான்பா."

"நீயா! குடை?"

"அதுவும் நான்தான். போன்ல மழை வருமான்னு பார்த்துட்டு வைப்பேன்."

இரண்டு பத்தி போச்சு. பித்தானாவது தேறட்டும் என்று கீழ் வீட்டு மச்சானிடம் போனார். மனைவியின் தம்பி, லாரி ஓட்டுகிறவன்.

"பித்தானா? நான்தான் மாமா தைச்சேன்."

"ஸ்டீயரிங் பிடிக்கிற கையில ஊசியா?"

"ஏன் மாமா, லாரி ஓட்டுறவனுக்குக் கண்ணு நல்லா தெரியக் கூடாதா?" அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவர் வீட்டுக்கு வந்து மூன்று பத்தியையும் அடித்தார். அடித்த பிறகு தாளில் "அன்புள்ள" மட்டும் மிச்சம் இருந்தது. மறுநாள் கல்யாண நாள்.

இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், அவளுக்கு நன்றி சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லையா? அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. இத்தனை நாள் எழுதாமல் ஒதுக்கியே வைத்திருந்தார், வெட்கத்தால்.

எழுதினார்.

"எட்டு வருஷம் முன்னாடி ஒரு லிஃப்ட் மாடியில சரியா நிக்காம, ஒரு முழம் தாண்டிப் போய் நின்னுச்சு. உள்ளே ரெண்டு பேர். பயந்ததோட சரி, அடி எதுவும் இல்லை. பிரேக் ஸ்பிரிங் நட்டை நான் முடுக்காம, முடுக்கினேன்னு கையெழுத்துப் போட்டிருந்தேன். உன்கிட்ட மட்டும் சொன்னேன். நீ திட்டலை. 'யாருக்கும் தெரியாது, விடுங்க'ன்னும் சொல்லலை. 'நாளைக்குப் போய்ச் சொல்லிடுங்க, நான் கூட வரேன்'னு சொன்னே. ஆபீஸ் வாசல்ல ரெண்டு மணி நேரம், என் பையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தே. உன் நல்ல துணியெல்லாம் கிரீஸ். நீ வரலேன்னா நான் பொய் சொல்லியிருப்பேன். அன்னியிலிருந்து பார்க்காம எதுலயும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. எத்தனையோ பேர் தைரியமா லிஃப்ட்ல ஏறுறாங்க. அவங்க யாருக்கும் உன்னைத் தெரியாது."

காலையில் கொடுத்தார். மனைவி ஜன்னலோரம் நின்று படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"அந்தக் கறை இன்னும் போகலைங்க" என்றாள். குரல் உடைந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவருக்கு மூச்சு வந்தது. மகள் பக்கம் திரும்பினார்.

"இனிமே டார்ச்சை நானே சார்ஜ் போட்டுக்கறேன்மா. உனக்கு எதுக்கு சிரமம்?"

மகள் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"சார்ஜர் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதுப்பா. டார்ச்சைப் பையில வைக்கும்போது அம்மா உங்க லெட்டரைப் பார்த்துட்டாங்க. 'இதெல்லாம் வேலைக்காரிக்கு எழுதற லெட்டர், அப்பா கேட்டா எல்லாம் நீங்களே செஞ்சதாச் சொல்லிடுங்க. எனக்குன்னு என்ன மிச்சம் வச்சிருக்கார்னு பார்ப்போம்'னு என்கிட்டயும் மாமாகிட்டயும் சொன்னதே அம்மாதான்."