கயிற்றின் மறுமுனை

“மேடையில அந்தக் கயிறு கதை மட்டும் வேண்டாம்கா. உன் கால்ல விழறேன்.”

மணமகள் அறையில் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்த தங்கை கெஞ்சினாள். அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். எதிரே லாரி வந்தாலும் பதறக் கூடாது என்று ஊருக்கே சொல்லிக்கொடுப்பவள்.

“சரி, கத்தரிக்கோலால உன் முடியைப் பாதி வெட்டினதைச் சொல்றேன்.”

“தலை அலங்காரம் பண்ணினவங்க பக்கத்துலயே நிக்கறாங்க.”

“மூக்குல பட்டாணி போட்டுக்கிட்டது?”

“மாமனார் காது மூக்கு டாக்டர். மேடையிலேயே டார்ச் அடிச்சுப் பார்ப்பார்.”

“அப்ப என்னதான்டி பேசறது?”

“பொதுவா, நல்லதா நாலு வார்த்தை.”

அக்கா போனில் தேடி, ஒரு வாழ்த்துரையைத் தாளில் எழுதிக்கொண்டு மேடையேறினாள். கூடத்தில் விளக்குகளை மங்கலாக்கியிருந்தார்கள்.

“லைட்டைப் போடுங்க. என் தங்கச்சிக்கு இருட்டு ஆகாது.”

தங்கை தலைகுனிந்துகொண்டாள்.

“எங்கள் வீட்டின் விளக்கு, பாசத்தின் ஊற்று…”

மாமனார் கொட்டாவியை விழுங்கினார். மைக் செட்காரர் ஒயரைச் சரிசெய்கிற சாக்கில் அருகே வந்தார்.

“மேடம், போன வாரக் கல்யாணத்துலயும் ஒரு அக்கா இதையேதான் படிச்சாங்க. அடுத்து ‘வாடாத மலர்’ வரும்.”

அவர் கிசுகிசுத்ததை மைக் அப்படியே ஒலிபரப்பியது. கூடம் சிரித்தது. அக்கா தாளைப் பார்த்தாள். வாடாத மலர்தான். யாரோ யாருடைய தங்கைக்கோ எழுதியதைக் கொடுத்தா தன் தங்கையை வழியனுப்புவது? தாளை மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

“நான் இவளோட அக்கா. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரூம், ரெண்டு கட்டில். இவளுக்கு இருட்டுன்னா பயம். அதனால பாவாடை நாடாவை உருவி, ஒரு முனையை இவ மணிக்கட்டுல, மறுமுனையை என் மணிக்கட்டுல கட்டிக்குவோம். பயந்தா இழுக்கணும், முழிச்சிருக்கறவ பதிலுக்கு இழுக்கணும். இவ ஒரு ராத்திரிகூட பதில் இழுக்காம விட்டதில்லை. காலையில அம்மா நடுவுல தடுக்கி விழுவாங்க.”

இப்போது யாரும் கொட்டாவி விடவில்லை. அலங்காரக்காரி மூக்கை உறிஞ்சினாள்.

அக்கா மணமகன் பக்கம் திரும்பினாள். “மாப்பிள்ளை, இனி மறுமுனை உங்க கையில. இவ இழுத்தா, தூக்கத்துலயும் பதில் இழுங்க. அவ்வளவுதான் கேக்கறேன். எல்லாரும் கிளாஸைத் தூக்குங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்.”

பழச்சாறுக் கோப்பைகள் உயர்ந்தன. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தங்கை ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அக்காவுக்கு எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கியதுபோல் இருந்தது.

முன்வரிசையில் அம்மா சம்பந்தியின் காதில் ரகசியம் சொன்னாள். காது மந்தமானவள் சொல்லும் ரகசியம், கடைசி நாற்காலிவரை கேட்டது.

“இருட்டுக்குப் பயந்தது பெரியவதாங்க. அக்கா வெக்கப்படக் கூடாதேன்னு, சின்னவதான் தனக்குப் பயம்னு சொல்லி அந்த நாடாவைக் கட்டவச்சா.”