சம்பள மொழிக்காரர்கள்

மனிதர்களில் சம்பள மொழிக்காரர் என்று ஒரு வகை உண்டு. வீட்டில் ஒரு மொழி, சம்பளம் வாங்கும் இடத்தில் வேறொரு மொழி என்று பிழைக்கிறவர்கள் எல்லோருமே இந்த வகையில் சேர்ந்துவிட முடியாது. அந்த இரண்டாவது மொழியில் படிப்பார், எழுதுவார், அடுத்தவர் எழுதியதில் பிழை இருந்தால் திருத்தியும் கொடுப்பார். போன் மணி அடித்தால் மட்டும், மேசைமேல் தேள் ஏறிவிட்டதுபோல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவார். அவர்தான் அசல் சரக்கு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூட்டம் முழுவதும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கூட்டம் முடிந்து நாற்காலி சூடு ஆறுவதற்குள் எல்லோருக்கும் நீளமாக ஒரு மெயில் அனுப்புகிறாரே, அவர்.

நாம் இங்கே எடுத்துக்கொண்டிருப்பவர் ஒரு பெண்மணி. கதவுகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் வரைபடம் போடுகிறார். வரைபடக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

வீட்டில் அவருக்கு வாயில்லை என்று யாரும் குறை சொன்னது கிடையாது. தங்கையோடு போனில் பேச ஆரம்பித்தால் அடுப்பில் பால் பொங்கி வழிந்து, அணைந்து, ஆறியும் போயிருக்கும். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்பாங்க. இவ நாலு பேருக்கும் சேர்த்துப் பிழைச்சுக்குவா" என்பது அவருடைய மாமியாரின் கணிப்பு. அலுவலகத்தில் அவரைப் பற்றிய கணிப்பு வேறு. ஆழமானவர், அளந்து பேசுகிறவர், தேவையில்லாமல் வாய் திறக்காதவர். மௌனத்துக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று தெரிந்தால் மாமியார் சிரித்திருப்பார்.

அளந்து பேசுகிறார் என்பது உண்மைதான். கூட்டத்தில் அவர் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். சொல்ல வேண்டிய விஷயம் உடனே தோன்றிவிடும், தமிழில். அதை அந்த மொழிக்கு மாற்றுவார். வினைச்சொல்லைச் சரிபார்ப்பார். 'நினைக்கிறேன்' என்று தொடங்கலாமா, 'தோன்றுகிறது' என்றால் பணிவாக இருக்குமா என்று பார்ப்பார். ஒருமுறை உதடு அசையாமல் சொல்லிப் பார்ப்பார். பிறகு நுழைய இடம் தேடுவார். அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஒருவர் முடிப்பதற்கு முன்பே அடுத்தவர் தொடங்கிவிடுவார்கள். நடுவில் விழும் இடைவெளியில் ஒரு மூச்சை நுழைக்கலாம், ஒரு வாக்கியத்தை நுழைக்க முடியாது. இவர் மூச்சை இழுப்பார். யாரோ பேசிவிடுவார்கள். இழுத்த மூச்சைக் கொட்டாவிபோல் வெளியே விடுவார். இப்போது காதுக்குள் இதயம் அடிக்கிறது. அந்தச் சத்தத்தில், பேச்சு அடுத்த விஷயத்துக்குத் தாண்டிப்போனதும் கேட்கவில்லை. வாக்கியம் தயார். பிழையே இல்லை. சொல்ல இடம்தான் இல்லை. எல்லோரும் ஏதோ ஒரு நகைச்சுவைக்குச் சிரிக்கிறார்கள். இவரும் அரை நொடி பின்தங்கிச் சிரிக்கிறார்.

போன் இதைவிட மோசம். கூட்டத்திலாவது எதிரே இருப்பவரின் உதடும் புருவமும் பாதி அர்த்தம் சொல்லும். போனில் வெறும் குரல். ஆகவே போன் செய்யும் முன், சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக்கொள்வார். அவர் இப்படிக் கேட்டால் இதைச் சொல்வது, அப்படிக் கேட்டால் அதைச் சொல்வது என்று கிளைகளும் உண்டு. அப்புறம் மாடிப்படிக்குப் போவார். ஏனென்றால் அவருக்கு எதிர்முனையில் கேட்கிறவரைவிட இந்த முனையில் ஒட்டுக்கேட்கிறவர்கள்மேல்தான் பயம் அதிகம். எண்ணை அழுத்திவிட்டு, எடுக்காமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்வார். எடுக்காவிட்டால் கடமை முடிந்தது. 'தங்களைத் தொடர்புகொள்ள முயன்றேன்' என்று தலைநிமிர்ந்து மெயில் எழுதலாம்.

எப்போதாவது தப்பவே முடியாத போன் வந்தால் பக்கத்து மேசைக் கணக்கர் இருக்கிறார். அவருக்கு அந்த மொழி தாய்மொழி, எழுதத்தான் வராது. அவர் கடிதங்களை இவர் எழுதித் தருவார். இவர் போன்களை அவர் பேசித் தருவார். கைக்கு வாய், வாய்க்குக் கை.

இப்படி நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் மருத்துவமனைக் கதவுகள் வந்தன.

நோயாளிகளின் கழிப்பறைகளுக்கான கதவுகள் அவை. முதல் வரைபடத்தில் உள்பக்கம் திறப்பதாக இருந்தது. பிறகு மருத்துவமனை மாற்றிக் கேட்டது: வெளிப்பக்கம் திறக்க வேண்டும். காரணம் எளிது. உள்ளே ஒருவர் மயங்கிக் கதவை ஒட்டி விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே தாழ்ப்பாள் போட்டுவிடும். புதிய வரைபடத்தைப் போட்டவர் நம் வரைபடக்காரர்தான். அன்று காலைக் கூட்டத்தில் மேலாளர் காட்டியதோ பழையது.

"கழிப்பறைக் கதவு எல்லாம் ரெடி. சாப்பாட்டுக்கு அப்புறம் நிலைகள்ல கீலுக்குத் துளை போட ஆரம்பிச்சிடுவாங்க. யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"

இருந்தது. வரைபடக்காரர் வினைச்சொல்லில் இருந்தார்.

"அப்போ சரி," என்று மேலாளர் எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார்.

மெயில் போனது. மேலாளருக்கும், ஊருக்கு வெளியே இருக்கும் பட்டறையின் மேற்பார்வையாளருக்கும். நல்ல மெயில். 'தங்கள் மேலான கவனத்திற்கு' என்று தொடங்கி, முன்னர் நிலவிய ஏற்பாட்டை நினைவுகூர்ந்து, அதற்காக அனைவரும் காட்டிய ஒத்துழைப்பைப் பாராட்டி, மூன்றாம் பத்தியின் நடுவில், ஒரு காற்புள்ளிக்குப் பின்னால், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்ற செய்தி பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது.

பதில் வரவில்லை. மேலாளர் ஆகாயத்தில் இருந்தார். கணக்கர் பல் பிடுங்கப் போயிருந்தார். வாய் கடன் கொடுக்கும் நிலையில் அவர் வாயே இல்லை. மற்றவர்கள் சாப்பிட்டு முடித்து டப்பாக்களை மூடிக்கொண்டிருந்தார்கள். துளை போட்ட நிலையைத் திருப்பி வைக்க முடியாது. ஒருவேளை யாரும் கவனிக்காமல் அப்படியே மாட்டிவிட்டால்? வரைபடக்காரர் மனக்கண்ணில் கதவுக்குப் பின்னால் யாரோ விழுவதைப் பார்த்தார். பட்டறை மேற்பார்வையாளருக்குப் போன் செய்ய, தாளை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார்.

எடுத்துவிட்டார்கள்.

அவர் பேசியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"வணக்கம். நான் வரைபடப் பிரிவிலிருந்து பேசுகிறேன்."

"சொல்லுங்க மேடம். நல்லாயிருக்கீங்களா? அங்க மழையா?"

மழை தாளில் இல்லை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"ஆம். மழை," என்றார் வரைபடக்காரர். பிறகு அவசரமாகத் தாளுக்குத் திரும்பினார். "நோயாளிகளின் கழிப்பறைக் கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டியிருப்பதால், தங்களிடம் உள்ள வரைபடத்தின்படி துளைகள் இடாதிருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

"சரி மேடம்."

"பழைய வரைபடம் செல்லாது."

"சரி, சரி மேடம்."

"புதியதைப் பின்பற்றவும்."

"ரொம்பச் சரி மேடம். பண்ணிடறோம்." கூடவே ஒரு சிரிப்பு.

வரைபடக்காரரின் விரல் போனைத் துண்டிக்கப் போய், நின்றது. பின்னணியில் துளைபோடும் இயந்திரம் இரைந்துகொண்டே இருந்தது. ஆனால் அவரை நிறுத்தியது அது அல்ல. அந்த 'சரி'.

அவருக்கு அதைத் தெரியும். அவர் வீட்டுப் பிள்ளை அது. வாக்கியம் முடிவதற்கு முன்பே அவசரமாக வருகிற முதல் 'சரி'. ஏதோ விட்டுப்போனது என்று தெரிந்ததும் இரட்டையாக வருகிற இரண்டாவது. மூன்றாவதற்கு ஒரு 'ரொம்ப'வும் ஒரு சிரிப்பும் சேர்ந்துகொள்ளும். இனித் திருப்பிக் கேட்டால் மானம் போய்விடும் என்று அர்த்தம். மேற்பார்வையாளருக்குத் தாய்மொழி வேறு எதுவோ. அவருக்கும் இது சம்பள மொழிதான். புரிந்தவர் இப்படி இனிமையாக இருப்பாரா? இந்நேரம் சண்டைக்கு வந்திருக்க மாட்டாரா?

'புரிந்ததா?' என்று கேட்பதில் பயனில்லை. அந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே பதில்தான் உண்டு என்று, வருஷக்கணக்கில் அதையே சொல்லி வந்தவருக்குத் தெரியாதா? வரைபடக்காரர் தாளை மடித்துவிட்டுக் குரலை உயர்த்தினார்.

"இயந்திரம் நிறுத்துங்க. முதல்ல நிறுத்துங்க. இப்ப இருக்கிற கதவு. எந்தப் பக்கம் திறக்கும்? நீங்க சொல்லுங்க."

வினைச்சொற்கள் போன இடம் தெரியவில்லை.

"உள்ளே."

"உள்ளே ஆள் விழுந்தாச்சு. கதவுகிட்ட படுத்திருக்கார். எப்படித் திறப்பீங்க?"

நீண்ட மௌனம். வரைபடக்காரர் அதை நிரப்ப முயலவில்லை. அந்த மௌனத்துக்குள் என்ன வேலை நடக்கும் என்று அவருக்குத்தான் தெரியுமே.

"திறக்க முடியாது," என்றது குரல்.

"அதான். எல்லாக் கதவும்?"

"எல்லாம் வெளியே." பிறகு அவர் தம் சொந்த மொழியில் யாரையோ நோக்கி ஒரு கத்தல் கத்தினார். இரைச்சல் நின்றது. "மேடம், ரெண்டு நிலைக்குத் துளை போட்டாச்சு. வீணாப் போச்சு. இதைக் காலையிலயே சொல்லக்கூடாதா? இப்ப வந்து சொல்றீங்க?"

சண்டைக்கு வந்துவிட்டார். வரைபடக்காரருக்கு மனம் குளிர்ந்தது.

"மெயில் அனுப்பினேன்."

"பார்த்தேன். பெரிய மெயில். ஏதோ பாராட்டுன்னு நினைச்சேன்."

"போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே."

"எடுத்தேன் மேடம். அப்புறம் வெச்சுட்டேன்."

அதைக் குறை சொல்ல வரைபடக்காரருக்கு என்ன யோக்கியதை?

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் படிக்கட்டின் மேல்முனையில் வரவேற்பறைப் பெண் வாயைப் பிளந்து நின்றிருந்தாள். "சத்தம் கேட்டுச்சு. யாரோ வெளியாள் சண்டை போடறாங்கன்னு வந்தேன்," என்றாள். "உங்க குரல் இப்படித்தான் இருக்குமா?"

அன்றுமுதல் அவர் கூட்டங்களில் முழங்க ஆரம்பித்துவிட்டார் என்று எழுத ஆசைதான். இல்லை. அடுத்த கூட்டத்திலும் மூச்சை இழுத்தார், விட்டார். மெயிலில் மட்டும் விஷயம் முதல் வரிக்கு ஏறிவிட்டது. பட்டறை மேற்பார்வையாளர் இப்போது வேறு யாருக்கும் போன் செய்வதில்லை, நேராக இவருக்குத்தான். "உங்ககிட்டதான் மேடம் நாலு தடவை திருப்பிக் கேட்க முடியுது," என்கிறார். மணி அடித்தால் இவர் இப்போதும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுகிறார். எழுந்து மாடிப்படிக்குப் போவதற்காக.

நீங்கள் இந்த வகையில்லை என்று நினைக்கிறீர்கள். மகிழ்ச்சி. ஒன்றே ஒன்று கேட்கிறேன். போன வாரம் வேலை விஷயமாக யாரோ உங்களை அழைத்தார்கள். சத்தம் சரியில்லை, பேச்சு வேகம். ஒருமுறை 'மன்னிக்கணும்?' என்றீர்கள். இன்னொருமுறையும் கேட்டீர்கள். மூன்றாவது முறை சிரித்துக்கொண்டே 'சரி, சரி, ரொம்பச் சரி' என்று வைத்துவிட்டீர்கள். எதற்கு என்று இதுவரை தெரியவில்லை அல்லவா?

அழைத்தவருக்குத் தெரியும். உங்கள் 'சரி'யை நம்பி, எங்கோ இயந்திரத்தை ஓடவிட்டிருக்கிறார்.