எத்தனை தடவை என்று கேட்காத முஃப்தி

கைபேசி முஃப்தி என்று ஓர் இனம் உண்டு. பழவேற்காட்டில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். சிக்னல் கிடைக்கிற இடமெல்லாம் இருக்கிறது. மார்க்கத்தில் ஃபத்வா என்னும் தீர்ப்பு சொல்கிறவர்தான் முஃப்தி; ஆனால் இந்த முஃப்தி எந்த மதரஸாவிலும் ஏழு வருடம் உட்கார்ந்தவரல்ல. உட்கார அவருக்கு நேரம் ஏது? நீங்கள் தும்மினால் தும்மலுக்கு, நின்று தண்ணீர் குடித்தால் அதற்கு, பூனை வளர்த்தால் பூனைக்கு, கேள்வியை நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் கட்டைவிரலால் பதிலைத் தள்ளிக்கொண்டு வந்து, “இதோ, நம்பரோட இருக்கு” என்று உங்கள் மூக்குக்கு நேரே நீட்டிவிடுவார்.

நம் ஊருக்கு வாய்த்தவர் ஐஸ் கடை அப்துல் லத்தீப். இறால் பெட்டிக்கு ஐஸ் உடைத்துப் போடுகிறவர், நல்ல மனிதர், அடுத்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் ஆட்டோவுக்கு முதலில் ஓடுகிறவரும் அவர்தான். அவருடைய போனில் நபிமொழி சொல்லும் ஹதீஸ் செயலிகள் மூன்று, ஃபத்வா தளங்கள் பதினொன்று. ஒரே கேள்வியைப் பதினொன்றிலும் போட்டுப் பார்ப்பார். பதில்கள் ஒன்றுக்கொன்று மாறினால்? எது அதிகக் கடுமையோ அதுதான் உண்மை. கசக்காத மருந்தை அவர் நம்பமாட்டார்.

இப்படிப்பட்டவர் காதில், கைருன் பீவி தன் மகள் அஃப்ரீனின் நிச்சயதார்த்தச் சாப்பாட்டில் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தை விழுந்தது.

“மாப்பிள்ள இன்னா புதுசா? சுனாமி அன்னிக்கு பொன்னேரி பள்ளிக்கூடத்துல எங்கிட்ட பால் குடிச்ச புள்ளதான இவன்.”

எல்லோரும் சிரித்தார்கள். லத்தீப் சிரிக்கவில்லை. பந்தியில் உட்கார்ந்தபடியே இடது கையால் தேடத் தொடங்கினார். ‘பால்’, ‘ஹராம்’ என்று இரண்டு வார்த்தை போட்டார். இரத்த உறவால் விலக்கானவர்கள் பால் உறவாலும் விலக்கு என்ற ஹதீஸ் வந்தது. ஆதாரம் உறுதியான ஹதீஸ்தான். அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் எவ்வளவு குடித்தால் பால் உறவு என்பதைச் சொல்லும் ஹதீஸ்கள் நாலு பக்கம் தள்ளி இருந்தன. மொழிபெயர்த்தவர் அங்கே வேறு வார்த்தை போட்டிருந்ததால், தேடியபோது அவை வரவில்லை. புத்தகமாக இருந்திருந்தால் பக்கம் புரட்டும்போதாவது கண்ணில் பட்டிருக்கும்.

அதோடு விட்டாரா? பதினொன்றுக்கும் பொறுமையில்லாமல் ஒரே ஒரு ஃபத்வா தளத்துக்கு எழுதினார்: “ஒரு பெண் ஒரு குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அவள் மகளை அவன் மணக்கலாமா?” மூன்றாம் நாள் பதில் வந்தது: ஒரு துளி வயிற்றில் இறங்கியிருந்தாலும் அவள் அவனுக்குத் தாய், அவள் மகள் சகோதரி, நிக்காஹ் கூடாது. பதிலின் அடியில் இரண்டு வரி இருந்தது. ஒன்று, இது ஹனஃபி முறைப்படியான பதில். இன்னொன்று, கேள்வியில் உள்ள தகவலுக்கு மட்டுமே இது பொருந்தும், உள்ளூர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளவும். லத்தீப் அதைப் படமெடுத்தபோது எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டுமே என்று அடியை வெட்டிவிட்டார். வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வெட்டியதை ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

பழவேற்காட்டின் இந்தத் தெரு மார்க்கச் சட்ட வழிகள் நான்கில் ஹனஃபி அல்ல, பாட்டன் காலத்திலிருந்து ஷாஃபி வழி நடப்பது. அது லத்தீபுக்கும் தெரியும். அவரும் அப்படித்தான் கை கட்டித் தொழுகிறார்.

அன்று பிற்பகல் அசர் தொழுகைக்குள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. கல்யாணத்துக்குப் பதின்மூன்று நாள் இருக்கையில் பந்தல்காரனை நிறுத்தச் சொன்னார்கள். மாப்பிள்ளை முஹ்சின் போனையே அணைத்துவிட்டான். பாவம், தங்கச்சியா பொண்டாட்டியா என்று தெரியாமல் ஒருத்தன் யாருக்கு என்னவென்று மெசேஜ் போடுவான்?

கைருன் பீவி ஐஸ் கடைக்கே போய் நின்றாள்.

“லத்தீப்பு, எம் பொண்ணு வாழ்க்கைய இன்னாடா பண்ணி வெச்சிருக்கே?”

“நானா சொல்றேன், லாத்தா? கித்தாபு சொல்லுது. நாளைக்கு அல்லா கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?”

“அல்லா உன்ன கேக்கறது இருக்கட்டும். நீ என்ன கேட்டியா?”

“உன்ன இன்னா கேக்கறது? நீதான பந்தியில சொன்னே.”

அவள் திரும்பி நடந்தாள். அந்தக் கேள்விக்குள் இருந்த கேள்வி அவருக்கு எட்டவில்லை. போனில் சார்ஜ் பன்னிரண்டு சதவீதம். அதை எட்டிப் பார்த்தார்.

பந்தலை நிறுத்திய மூன்றாம் நாள், வீட்டில் அஃப்ரீன் அழுது முடித்துவிட்டுத் தன் போனோடு உட்கார்ந்திருந்தாள். பொன்னேரிக் கல்லூரியில் பி.காம். படிக்கிறவள். அவளும் ஒரு தளத்தைத் திறந்திருந்தாள். அது எடுத்ததும் பதில் சொல்லவில்லை. படிவம் ஒன்றைக் காட்டியது: எந்த மத்ஹப், அதாவது எந்தச் சட்ட வழி? குழந்தைக்கு வயது இரண்டுக்குள்ளா? எத்தனை தடவை? ஒவ்வொரு தடவையும் பிள்ளை தானாக விட்டதா?

“அம்மா, எத்தன தடவ குடுத்தே?”

கைருன் பீவி நிமிர்ந்தாள். இருபத்தோரு வருடத்திலும் சரி, இந்த மூன்று நாளிலும் சரி, இதை முதன்முதலாகக் கேட்டது ஒரு படிவம்.

“ரெண்டு. ஞாயித்துக்கெழம மதியம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அவங்கம்மாவுக்கு பயத்துல பால் நின்னுபோச்சு. திங்கக்கெழம விடியறதுக்குள்ள பால் பவுடர் வந்துடுச்சு. எட்டு மாசம், ரெண்டு பல்லு. சாயங்காலம் கடிச்சுட்டான். இன்னொரு தடவ யார் குடுப்பா? ரெண்டு தடவ பால் உறவுல சேராதுனு எங்கம்மா அப்பவே சொல்லிச்சு.”

“இத மூணு நாளா ஏன் சொல்லல?”

“யார் கேட்டா?”

பக்கத்து வீட்டுக் காசியம்மாளும் அன்று அதே வகுப்பறையில் ஒதுங்கியிருந்தவள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, “ரெண்டுதான். ரெண்டாவது வாட்டி இவ போட்ட கத்தல்ல இன்னொரு அலை வருதுனு நாங்கல்லாம் எழுந்துட்டோம்” என்றாள்.

இரு வீட்டாரும் பள்ளிவாசல் இமாம் ஷம்சுத்தீன் ஹஜ்ரத்திடம் போனார்கள். லத்தீபும் போனார். அழைக்கவில்லை, ஆனாலும் போனார். ஹஜ்ரத் வெட்டுப்படாத பதிலை முழுதாகக் காட்டச் சொன்னார். அடியிலிருந்த இரண்டு வரியைச் சத்தமாகப் படித்தார்.

“இத எழுதினவங்க தப்பா சொல்லல. கேட்டதுக்கு அவங்க வழியில பதில் சொல்லிருக்காங்க. நம்ம வழியில வயிறாற அஞ்சு தடவ. நபியோட பீவி ஆயிஷா அம்மா அறிவிச்ச ஹதீஸ் இருக்கு. அஞ்சா கொறச்சலானு சந்தேகம் வந்தாலே உறவு ஆகாது. இங்க சந்தேகமே இல்ல. ரெண்டு.”

“அப்ப போன்ல தேடறதே தப்பா, ஹஜ்ரத்?” என்றார் லத்தீப்.

“நானும்தான் தேடறேன். ஆயிரம் கித்தாபு கம்ப்யூட்டர்ல இருக்கு. ஆனா டைப் அடிச்சவன் ஒரு வரி விட்டிருப்பான். நம்பர் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஒருத்தர் பலவீனம்னு சொன்ன ஹதீஸ இன்னொருத்தர் சரின்னுவார், செயலி ஒருத்தர் சொன்னத மட்டும் ஒட்டி வெச்சிருக்கும். அதனால தேட அது, முடிவு சொல்ல அச்சுல போட்டது, அதுக்கும் மேல கேக்கறவங்க கதை.”

கதவோரம் நின்ற அஃப்ரீன் விடவில்லை. “எல்லாத்தையும் உங்ககிட்ட வந்து கேக்க முடியுமா, ஹஜ்ரத்? பொம்பளைங்க சமாச்சாரம் எத்தனையோ இருக்கு. இதுலயும் சரியா கேட்டது போன்தான்.”

ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டு, “அதுவும் சரிதான். அந்தப் படிவத்த எனக்கும் அனுப்பும்மா” என்றார்.

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. முதல் பந்தியில் முதல் இலை யாருக்கு? லத்தீபுக்குத்தான்.

“நான் கெளப்பலன்னா விஷயம் தெளிவாயிருக்குமா, லாத்தா?”

கைருன் பீவி அவர் இலையில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தாள். “சாப்பிடு. எத்தன தடவனு நான் கேக்கமாட்டேன்.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ‘அஞ்சு தடவை’ என்று வந்த இடத்தில் உங்கள் கை போனுக்குப் போனதா இல்லையா? போயிருந்தால் வெட்கப்படாமல் எடுங்கள். கடைசி வரிவரை தள்ளிப் படியுங்கள். படித்ததை யாருக்காவது அனுப்பத் தோன்றினால் மட்டும், அந்த வீட்டுக்காரியை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.