சொன்ன ரேட் சொன்ன ரேட்தான்

பில்லைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பவர்கள் சாதாரண மனிதர்கள். பில்லைப் பார்க்காமலே கொடுப்பவர்கள் பெரிய மனிதர்கள் அல்லது மறதிக்காரர்கள். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அது பில்லை வேட்டையாடும் இனம். இவரை நீங்கள் அவசியம் பார்த்திருப்பீர்கள். ஓட்டலில் எல்லோரும் கை கழுவிவிட்டு வந்த பிறகும் சீட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நாம தண்ணி பாட்டில் ரெண்டா வாங்கினோம்?" என்று மேசை மேசையாக விசாரிப்பாரே, அவர்தான். கல்யாணப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுத்தாலும் முதலில் சிவப்புப் பேனாவைத்தான் தேடுவார்.

என் தெருவில் இருக்கும் மாதிரி உருப்படி ஒரு மளிகைக் கடைக்காரர். பேர் எதற்கு, ஸ்கேல்காரர் என்றால் தெருவே கைகாட்டும். சரக்கு வண்டி வாசலில் வந்து நின்றதும் எந்தக் கடைக்காரரும் மூட்டையைப் பார்ப்பார். இவர் மூட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார், பில்லைக் கல்லா மேசையில் விரிப்பார், அதன்மேல் ஓரடி ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்குவார். ஸ்கேல் கடைசி வரியைத் தொடும்வரை ஒரு மூட்டை இறங்கக் கூடாது, யாரும் தும்மக் கூடாது. போன வருடம் முழுக்க இப்படி இறக்கியும் ஒரு தப்புகூட அகப்படவில்லை. அந்த ஏமாற்றத்தில் மனிதர் இளைத்தே போனார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் அதிர்ஷ்டம் அடித்தது.

பக்கத்து மாணவர் விடுதிக்கு ஐந்நூறு கிலோ சர்க்கரை அன்று மாலைக்குள் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். மொத்த வியாபாரி கிலோ நாற்பது ரூபாய் என்று விலை சொல்லி, செல்போனில் செய்தியும் அனுப்பியிருந்தார். அதை நம்பி விடுதிக்கு நாற்பத்தொன்று என்று பேசியாகிவிட்டது. கிலோவுக்கு ஒரு ரூபாய் லாபம். வண்டி வந்தது. பில் விரிந்தது. ஸ்கேல் மூன்றாவது வரியில் நின்றது. நின்றது நின்றதுதான், மேற்கொண்டு நகரவில்லை.

"நாப்பத்திரெண்டு!"

அந்தக் குரலில் அதிர்ச்சி இருந்தது என்று நினைத்தால் நீங்கள் இந்த இனத்தை அறியாதவர். அதில் இருந்தது ஆனந்தம். கொள்முதலே நாற்பத்திரண்டு என்றால் விடுதிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கிலோவிலும் ஒரு ரூபாய் கைநஷ்டம், மொத்தம் ஐந்நூறு. ஆனாலும் முகத்தில் என்ன களை! உடனே மொத்த வியாபாரிக்குப் போன் போட்டார். டிரைவரும் சாட்சியாகக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை வேறு போட்டுவிட்டார்.

"என்னய்யா, சொன்னது நாப்பது, போட்டது நாப்பத்திரெண்டு. நான் என்ன கண்ணை மூடிக்கிட்டா கடை நடத்துறேன்?"

"கோவிச்சுக்காதீங்கண்ணே. நேத்து ராத்திரி சந்தையில ரேட் மாறிடுச்சு. பில் போடுறவர் உங்க கோட்டேஷனைப் பாக்காம இன்னிக்கு ரேட்டைப் போட்டுட்டார். அடுத்த பில்லுல கழிச்சுடுறேன்."

"வாயால கழிச்சா கழிஞ்சிடுமா? எழுத்துல வேணும்."

"சரிண்ணே, கிரெடிட் நோட் போட்டுடுறேன். கிலோவுக்கு ரெண்டு ரூபா, ஐந்நூறு கிலோவுக்கு ஆயிரம். அதுக்கு அஞ்சு பர்சென்ட் வரி அம்பது. ஆயிரத்து அம்பது உங்க கணக்குல வரவு வெச்சிடுறேன். நீங்க டெலிவரி காப்பியில 'சர்க்கரை விலை வித்தியாசம்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டு வண்டியை அனுப்புங்க."

பாருங்கள், கேட்டது கிடைத்துவிட்டது. நஷ்டம் போய் லாபம் திரும்பி வந்துவிட்டது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கையெழுத்தைப் போட்டுவிட்டு மூட்டையை இறக்கியிருப்பீர்கள். இந்த இனத்துக்குப் பணம் கிடைத்தால் போதாது. எதிராளி மண்டியிட வேண்டும், அதை நாலு பேர் பார்க்க வேண்டும்.

"அதெல்லாம் முடியாது," என்று ஸ்கேலை ஓங்கி மேசையில் தட்டினார். "கிரெடிட் நோட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். இந்த பில்லையே கேன்சல் பண்ணு. சொன்ன ரேட் சொன்ன ரேட்தான். முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் கோட்டேஷன்படி புது பில் போட்டு அனுப்பு!"

இந்த இடத்தில் அவர் மனைவிக்கு இருமல் வந்தது.

அந்த அம்மாள் கல்லாவில் உட்கார்ந்து, கடையில் வைத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு பிரதியைப் படித்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஸ்கேல் கிடையாது. அதனால் முழு பில்லையும் படித்துவிட்டார். ஏழாவது வரியில் எண்ணெய். இருபது டின். டின் ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று பேசியது, பில்லில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பதாக இருந்தது. ராத்திரி சந்தையில் சர்க்கரை ஏறியபோதே எண்ணெய் இறங்கியிருந்தது. டின்னுக்கு அறுபது வீதம் ஆயிரத்து இருநூறு ரூபாய் சத்தமில்லாமல் கடைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. இதை ஸ்பீக்கர் போனுக்கு எதிரில் எப்படிச் சொல்வது? அந்த அம்மாள் மறுபடி இருமினார்.

"ஏம்மா, தண்ணி குடி," என்றார் ஸ்கேல்காரர்.

அந்த அம்மாள் கணவரின் காலை மிதித்தார்.

"எலி வந்திருச்சு பாரு," என்று இவர் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தார்.

"அண்ணே, நிஜமாவே எல்லா வரியையும் மாத்தவா?" என்று போன் கேட்டது. அந்தக் குரலில் திடீரென்று ஒரு பணிவு. "நான் கிரெடிட் நோட்டே தந்துடுறேனே."

"பயப்படுறான் பாத்தியா!" என்று டிரைவரைப் பார்த்துக் கண்ணடித்தார் இவர். "எல்லா வரியும்! ஒரு வரி பாக்கி இருக்கக் கூடாது!"

கால் மணி நேரத்தில் புது பில் செல்போனிலேயே வந்தது. ஸ்கேல் மறுபடி இறங்கியது. மூன்றாவது வரியில் நாற்பது. ஆஹா! தெருவைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஸ்கேல் இல்லாமலே கண் பில்லின் அடியில் இருந்த மொத்தத் தொகைக்குத் தானாக ஓடியது. பழைய பில்லைவிட இருநூற்றுப் பத்து ரூபாய் அதிகம். சர்க்கரையில் வரியோடு ஆயிரத்து ஐம்பது குறைந்திருந்தது, எண்ணெயில் வரியோடு ஆயிரத்து இருநூற்று அறுபது ஏறியிருந்தது.

மறுபடி மொத்த வியாபாரிக்குப் போனை அழுத்தினார். "என்ன தம்பி, சந்தையில எண்ணெய் இறங்கியிருக்காமே. இன்னிக்கு ரேட்டுதானே நியாயம்?"

"நான் அதைத்தாண்ணே முதல்ல சொன்னேன். நீங்கதானே சொன்ன ரேட் சொன்ன ரேட்தான்னீங்க. டிரைவர்கூடக் கேட்டாரே."

டிரைவர் மிகுந்த மரியாதையோடு தலையாட்டினார்.

அன்று அந்த அம்மாளுக்கு வந்தது கோபம் என்று சொன்னால் போதாது. கிரெடிட் நோட்டை வாங்கியிருந்தால் ஆயிரத்து ஐம்பதும் வரும், எண்ணெயும் மலிவாகவே நிற்கும். கையில் விழுந்ததைத் தட்டிவிட்டு, மேலே இருநூற்றுப் பத்தும் அழ வேண்டியதாயிற்று. "எனக்கு இருமலே கிடையாதுன்னு இருபத்தாறு வருஷமா தெரியாதா உங்களுக்கு?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மனிதர் உண்மையிலேயே நொந்துபோனார், எனக்கே பாவமாக இருந்தது.

ஆனால் மறுநாள் கடைக்குப் போனேன், பாவம் பறந்துவிட்டது. பழைய பில்லின் மூன்றாவது வரியைச் சிவப்பு வட்டம் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார். அடியிலிருந்த வரிகளைக் கத்தரித்திருந்தார். "ஆயிரம் ரூபா அடிக்கப் பாத்தான், விட்டேனா?" என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கல்லாவிலிருந்து மட்டும் அவ்வப்போது ஓர் இருமல் கேட்டது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கடையில் ஒரு ரூபாய் கூடப் போட்டபோது நீங்கள் எழுப்பிய குரல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. போன வாரம் மறதியில் ஒரு சோப்பைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்களே, அன்று உங்கள் குரல் எங்கே போயிருந்தது? மாலையில் வீட்டுக்குப் போனதும் மேசையைப் பாருங்கள், ஸ்கேல் ஏதாவது கிடக்கிறதா என்று. அப்புறம், பக்கத்தில் யாராவது இருமினால் தயவுசெய்து தண்ணீர் கொடுக்காதீர்கள்.